முழு சிக்னல், நொண்டும் நெட்

மாநாட்டு அறையில் ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே, கூரையில், வெள்ளைத் தட்டு போல ஒரு வைஃபை ஆக்சஸ் பாயின்ட். அதில் பச்சை விளக்கு எரிகிறது. செல்போனில் வைஃபை குறி முழுசாக நிறைந்திருக்கிறது. ஆனாலும் வீடியோ கால் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் மறுமுனையிலிருந்து அந்த வழக்கமான வாசகம் வருகிறது: “சார், உங்க வாய்ஸ் உடையுது. நீங்க பேசறது சரியாக் கேக்கல.”

இவருக்கோ எதிராளி பேசுவது தெளிவாகக் கேட்கிறது. வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுகிறார். உடனே எல்லாம் சரியாகிவிடுகிறது. மறுநாள் அதே அறை, அதே தொல்லை.

இப்படிப்பட்ட புகார் ஐடி பிரிவுக்குப் போனால் இன்டர்நெட் நிறுவனத்துக்குத் திட்டு விழும். லீஸ்டு லைன் வேகம் கூட்டப்படும். அதிலும் தீரவில்லை என்றால் யாராவது ஒருவர் ஆக்சஸ் பாயின்ட்டின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், டிரான்ஸ்மிட் பவர் என்ற இடத்தில் இருப்பதிலேயே பெரிய எண்ணை வைத்துவிட்டு வருவார். பல அலுவலகங்களில் தொல்லையின் வேரே அந்தப் பெரிய எண்தான். ஒலிபரப்புத் திறன் ஏற ஏற சிக்னல் குறி அழகாக நிறையும், இணைப்பு கெட்டுப்போகும்.

இது எப்படி என்று புரிய, முதலில் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அலுவலகத்தில் நடந்துகொண்டே போகும்போது ஒரு ஆக்சஸ் பாயின்ட்டை விட்டு இன்னொன்றுக்கு எப்போது மாறுவது என்பதை முடிவு செய்வது யார்? ஆக்சஸ் பாயின்ட்தான் என்றே பலரும் நினைக்கிறார்கள். செல்போன் டவர் விஷயத்தில் அது ஓரளவு உண்மை. பேசிக்கொண்டே காரில் போகும்போது எந்த டவருக்கு மாற வேண்டும் என்று நெட்வொர்க்தான் போனுக்கு உத்தரவிடுகிறது. வைஃபையில் அப்படி இல்லை. அங்கே முடிவு முழுக்க முழுக்கப் போனின் கையில், அல்லது லேப்டாப்பின் கையில்.

போன் எப்படி முடிவெடுக்கிறது என்பது பெரும்பாலும் அதைச் செய்த நிறுவனத்தின் இஷ்டம். பல நிறுவனங்கள் அதை வெளியே சொல்வதில்லை. ஆப்பிள் சொல்லியிருக்கிறது. அலுவலக நெட்வொர்க் அமைப்பவர்களுக்காக அந்த நிறுவனம் வெளியிட்டிருக்கும் குறிப்பின்படி, ஐபோனும் ஐபேடும் இப்போதைய சிக்னல் மைனஸ் 70 டிபிஎம்முக்குக் கீழே இறங்கும்வரை வேறு ஆக்சஸ் பாயின்ட்டைத் தேடக் கிளம்புவதில்லை. மேக் லேப்டாப்புகளுக்கு அந்தக் கோடு மைனஸ் 75. தேடிய பிறகும் கண்டதற்கெல்லாம் தாவிவிடாது. தரவு போய் வந்துகொண்டிருக்கும்போது, புதியது பழையதைவிடக் குறைந்தது 8 டெசிபெல் பலமாக இருந்தால்தான் ஐபோன் மாறும். சும்மா இருக்கும்போது 12 டெசிபெல் வித்தியாசம் வேண்டும்.

டிபிஎம் என்ற அளவைப் பார்த்து மிரள வேண்டாம். ஒரு மில்லிவாட் திறன் என்பது பூஜ்யம் டிபிஎம். அதிலிருந்து 3 கூடினால் திறன் இரு மடங்கு, 10 கூடினால் பத்து மடங்கு. குறைந்தாலும் அதே கணக்கு. ஆக்சஸ் பாயின்ட்டின் வாயிலிருந்து புறப்படும்போது 20 டிபிஎம், அதாவது 100 மில்லிவாட்டாக இருக்கும் அலை, அறைகளைக் கடந்து போனை அடையும்போது மைனஸ் 60, மைனஸ் 70 என்று இளைத்துப் போயிருக்கும். மைனஸில் எண் பெரிதாக ஆக சிக்னல் சிறிதாகிறது. அலுவலகத்தில் குரல் அழைப்பு தடையின்றி நடக்க மைனஸ் 67 டிபிஎம் இருக்க வேண்டும் என்பது நெட்வொர்க் வடிவமைப்பாளர்கள் பின்பற்றும் பொது அளவு.

இப்போது ஒரு மாதிரி அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். 40 மீட்டர் நீளத்துக்கு ஒரே தளம். நடுவே பெரிய சுவர் ஏதுமில்லை. மேஜைகள், இடுப்பளவுத் தடுப்புகள், கண்ணாடி அறைகள். வாசலிலிருந்து 6 மீட்டரில் முதல் ஆக்சஸ் பாயின்ட், 20 மீட்டரில் இரண்டாவது, 34 மீட்டரில் மூன்றாவது. கடைக்கோடியில், 38 மீட்டரில், அந்த மாநாட்டு அறை. மூன்று கருவிகளிலும் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் திறன் 23 டிபிஎம்மில், அதாவது 200 மில்லிவாட்டில் இருக்கிறது.

காலையில் ஊழியர் ஒருவர் வாசலில் நுழைகிறார். அவருடைய ஐபோன் முதல் ஆக்சஸ் பாயின்ட்டில் சேர்கிறது. அவர் நேராக மாநாட்டு அறைக்கு நடக்கிறார். 5 கிகாஹெர்ட்ஸ் அலை முதல் மீட்டரிலேயே சுமார் 47 டெசிபெல் இழக்கும். பிறகு இதுபோன்ற தளத்தில் தூரம் பத்து மடங்காகும்போதெல்லாம் இன்னும் சுமார் 30 டெசிபெல் இழக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கணக்கில், அவர் மாநாட்டு அறையில் உட்காரும்போது முதல் ஆக்சஸ் பாயின்ட் 32 மீட்டர் பின்னால் இருக்கிறது. அதன் சிக்னல் மைனஸ் 69. மைனஸ் 70 என்ற கோட்டை அது தொடவே இல்லை. ஆகவே போன் தலையைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

நாலு மீட்டர் தள்ளிக் கூரையில் தொங்கும் மூன்றாவது ஆக்சஸ் பாயின்ட்டின் சிக்னல் அந்த நேரத்தில் மைனஸ் 44 அளவில் இருக்கும். இரண்டுக்கும் 25 டெசிபெல் வித்தியாசம். திறனில் சொன்னால் முந்நூறு மடங்குக்கு மேல். இவ்வளவு நல்ல இணைப்பு தலைமாட்டில் இருக்க, போன் வாசல்பக்கத்துக் கருவியையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது. நெட்வொர்க் தொழிலில் இருப்பவர்கள் இப்படிப்பட்ட கருவியை ஸ்டிக்கி கிளையன்ட் என்பார்கள். பெயரைக் கேட்டால் போனின் குற்றம் போலத் தோன்றும். போன் தனக்கு எழுதப்பட்ட விதிப்படிதான் நடக்கிறது. கோட்டைத் தொடவிடாமல் சிக்னலை உயர்த்தி வைத்தது ஆக்சஸ் பாயின்ட்.

மாநாட்டு அறையில் அவர் வைஃபையை அணைத்துப் போட்டதும் ஏன் சரியானது என்பதும் இதில் விளங்கிவிடுகிறது. அணைத்துப் போடும்போது போன் பழைய இணைப்பை மறந்து, சுற்றிலும் புதிதாகத் தேடுகிறது. இருப்பதில் பலமானதைத் தேர்ந்தெடுக்கிறது. அது தலைக்கு மேலே இருப்பது.

மைனஸ் 69 என்றாலும் சிக்னல் கிடைக்கிறதே, பிறகு ஏன் குரல் உடைய வேண்டும் என்று கேட்கலாம். உடைவது ஒரு திசையில்தான். கல்யாண மண்டபத்தில் மேடைக்காரர் மைக்கில் பேசுவது கடைசி வரிசைக்கும் கேட்கும். கடைசி வரிசையில் இருப்பவர் வெறும் வாயால் பதில் சொன்னால் மேடைக்குக் கேட்காது. ஆக்சஸ் பாயின்ட்டின் திறனைக் கூட்டுவது மேடை மைக்கை மட்டும் கூட்டுவது போல. போனின் குரல் அப்படியேதான் இருக்கும். சின்ன பேட்டரி, விரல்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்ன ஆன்டெனா. பல செல்போன்கள் 12 முதல் 15 டிபிஎம் அளவில்தான் ஒலிபரப்புகின்றன. லேப்டாப்புகள் சற்றுக் கூடுதல்.

நம் மாதிரி அலுவலகத்தில் போன் 14 டிபிஎம்மில், அதாவது 25 மில்லிவாட்டில் பேசுவதாகக் கொண்டால், வாசல்பக்க ஆக்சஸ் பாயின்ட்டுக்கு அது மைனஸ் 78 ஆகப் போய்ச் சேர்கிறது. வரும் திசையில் மைனஸ் 69, போகும் திசையில் மைனஸ் 78. திறன் 23க்கும் 14க்கும் உள்ள 9 டெசிபெல் இடைவெளி அப்படியே இங்கே வந்து நிற்கிறது. சிக்னல் குறி காட்டுவதோ வரும் திசையை மட்டும். அதனால்தான் குறி நிறைந்திருக்கிறது, எதிராளி பேசுவது தெளிவாகக் கேட்கிறது, நாம் பேசுவது மட்டும் துண்டு துண்டாகப் போகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வைஃபையில் ஒவ்வொரு தரவுக் கட்டும் சேர்ந்ததும், பெற்றுக்கொண்டவர் ‘வந்தது’ என்று ஒரு சின்ன ஒப்புதல் அனுப்ப வேண்டும். ஆக்சஸ் பாயின்ட் அனுப்பிய கட்டு போனுக்கு நன்றாகவே வந்து சேர்ந்திருக்கும். போன் அனுப்பிய ஒப்புதல் ஆக்சஸ் பாயின்ட்டின் காதில் விழவில்லை என்றால், கட்டு தொலைந்துவிட்டது என்று எண்ணி அது மறுபடியும் அனுப்பும்; அப்புறமும் அனுப்பும். பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு அனுப்பும். போகும் திசையின் நோய் வரும் திசைக்கும் தொற்றிவிடுகிறது.

ஒருவருடைய போன் ஒட்டிக்கொண்டு மெதுவாக இயங்கினால் அவருக்குத்தானே நஷ்டம் என்று விட்டுவிடவும் முடியாது. ஒரு ஆக்சஸ் பாயின்ட்டும் அதில் சேர்ந்திருக்கும் எல்லாக் கருவிகளும் ஒரே சேனலைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு சமயத்தில் ஒருவர்தான் பேசலாம். 1500 பைட் அளவுள்ள ஒரு கட்டை 300 மெகாபிட் வேகத்தில் அனுப்ப, முன்னுரைச் சடங்குகளை விட்டுப் பார்த்தால், 40 மைக்ரோ விநாடி போதும். அதே கட்டை 6 மெகாபிட்டில் அனுப்ப 2 மில்லி விநாடி, அதாவது ஐம்பது மடங்கு நேரம். தொலைவில் ஒட்டிக்கொண்ட போன் ஒரு கட்டு அனுப்பும் நேரத்தில், பக்கத்தில் இருக்கும் லேப்டாப் டஜன் கணக்கில் அனுப்பியிருக்கலாம்.

பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் நால்வர் 2003ஆம் ஆண்டிலேயே இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். மார்ட்டின் யூஸ் என்பவரை முதல் ஆசிரியராகக் கொண்ட அந்தக் கட்டுரை, அப்போது புழக்கத்தில் இருந்த 802.11b வகை வைஃபையைப் பற்றியது. 11 மெகாபிட் வேகத்தில் இயங்கும் கருவிகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று 1 மெகாபிட்டுக்கு இறங்கினாலும், வேகமான மற்றவர்களுக்குக் கிடைப்பதும் அந்த 1 மெகாபிட்டுக்குக் கீழே சரிந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. காரணம் எளிது: வைஃபை ஆளுக்கு ஒரு முறை என்று வாய்ப்பைச் சமமாகப் பங்கிடுகிறது, நேரத்தைச் சமமாகப் பங்கிடுவதில்லை. இன்றைய தரமான ஆக்சஸ் பாயின்ட்கள் தாங்கள் அனுப்பும் திசையில் நேரத்தைச் சமமாகப் பங்கிட முயல்கின்றன. போன்கள் தாமாக அனுப்பும் திசையில் அவற்றால் அவ்வளவாக எதுவும் செய்ய முடிவதில்லை.

திறனைக் கூட்டுவதால் வரும் இரண்டாவது கேடு, எல்லைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவது.

ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் சுற்றிலும் ஒரு வட்டம் உண்டு. அதை செல் என்பார்கள். பக்கத்து வட்டங்கள் கொஞ்சம் ஒன்றையொன்று தழுவ வேண்டும், இல்லையென்றால் மாறும்போது இணைப்பு அறுந்துவிடும். 15 முதல் 20 சதவீதம் தழுவினால் போதும் என்பது நடைமுறை. 23 டிபிஎம்மில் நம் மாதிரி அலுவலகத்தின் மைனஸ் 70 எல்லை 34 மீட்டரில் வருகிறது. மூன்று கருவிகளில் நடுவே இருப்பது தளத்தின் இரு கோடியையும் தாண்டிவிடுகிறது. ஓரத்தில் இருப்பவையும் கிட்டத்தட்ட முழுத் தளத்தையும் மூடிவிடுகின்றன. மூன்று வட்டங்கள் என்று வரைபடத்தில் இருக்கும். காற்றில் ஒரே வட்டம் மூன்று முறை வரையப்பட்டிருக்கிறது.

வைஃபை கருவி எதுவும் வாய் திறப்பதற்கு முன் காது கொடுத்துக் கேட்கும். அதே சேனலில் வேறு யாராவது பேசுவது, மைனஸ் 82 டிபிஎம் அளவுக்கு மெல்லியதாகக் கேட்டாலும், பேசி முடிக்கட்டும் என்று காத்திருக்கும். மைனஸ் 82 என்பது, வேலைக்கு உதவும் சிக்னலைவிட மிக மிக மெலிந்தது. ஆகவே ஒரு ஆக்சஸ் பாயின்ட் உருப்படியாகச் சேவை செய்யும் தூரத்தைவிட, அது மற்றவர்களின் வாயை அடைக்கும் தூரம் பல மடங்கு பெரிது.

2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தத் தொல்லை உச்சத்துக்குப் போகிறது. அங்கே ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றுதான்: 1, 6, 11. அலையும் தூரம் போகக்கூடியது. முதல் மீட்டரில் இழப்பது 40 டெசிபெல்தான். முன்பு போட்ட அதே கணக்கில், சுவரில்லாத இடத்தில் 23 டிபிஎம்மில் ஒலிபரப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியின் குரல் மைனஸ் 82 ஆக மெலிய சுமார் 147 மீட்டர் வேண்டும். 8 டிபிஎம்முக்கு இறக்கினால் அது 46 மீட்டராகச் சுருங்குகிறது. கான்கிரீட் தளமும் சுவரும் உண்மையில் இதை இன்னும் குறைக்கும் என்றாலும், பல மாடிக் கட்டடத்தில் மேலே, கீழே, பக்கத்தில் என்று பத்துப் பன்னிரண்டு ஆக்சஸ் பாயின்ட்கள் அந்த மூன்று சேனல்களுக்குள் நெருக்கியடித்தால், ஒரே சேனலில் இருப்பவை அனைத்தும் ஒருவருக்காக ஒருவர் காத்துக்கொண்டு நிற்கும். கருவிகளின் எண்ணிக்கை கூடியும் மொத்த வேகம் கூடாமல் போவது இதனால்தான்.

தங்கள் அலுவலகத்தில் இந்த நோய் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரு விண்டோஸ் லேப்டாப் போதும். வாசலில் வைஃபையை இணைத்துவிட்டு, கமாண்ட் பிராம்ப்ட்டில் இந்த வரியை அடிக்க வேண்டும்:

```
netsh wlan show interfaces
```

வரும் பட்டியலில் நாலு இடங்களை மட்டும் பார்த்தால் போதும். `BSSID` என்பது எந்த ஆக்சஸ் பாயின்ட்டோடு சேர்ந்திருக்கிறோம் என்பதைச் சொல்லும் முகவரி. `Signal` என்பது சதவீதத்தில் பலம். விண்டோஸில் 100 சதவீதம் மைனஸ் 50 டிபிஎம், 60 சதவீதம் மைனஸ் 70. `Receive rate` என்பது ஆக்சஸ் பாயின்ட்டிலிருந்து லேப்டாப்புக்கு வரும் வேகம், `Transmit rate` லேப்டாப்பிலிருந்து போகும் வேகம். குறித்துக்கொண்டு, லேப்டாப்பை மூடாமல் கையில் ஏந்தி மாநாட்டு அறைவரை நடந்துபோய், அதே வரியை மறுபடி அடிக்க வேண்டும்.

`BSSID` மாறவில்லை, வாசலில் இருந்த அதே முகவரிதான் என்றால் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். கூடவே `Signal` 60க்கு மேல் இருந்து, `Receive rate` பெரிதாகவும் `Transmit rate` அதில் கால்வாசியாகவும் காட்டினால் சந்தேகமே வேண்டாம். திறன் அளவுக்கு மீறி வைக்கப்பட்டிருக்கிறது. மேக் வைத்திருப்பவர்கள் ஆப்ஷன் விசையை அழுத்திக்கொண்டு மேலே உள்ள வைஃபை குறியைச் சொடுக்கினால் இதே விவரங்களில் பெரும்பாலானவை டிபிஎம் கணக்கிலேயே தெரியும். ஒரு லேப்டாப்போடு நிறுத்தாமல், அலுவலகத்தில் அதிகம் புழங்கும் இரண்டு மூன்று வகைக் கருவிகளோடு நடந்து பார்ப்பது நல்லது. ஒவ்வொன்றும் மாறும் விதம் வேறு.

வைத்தியம் நேரானது. ஆக்சஸ் பாயின்ட்டின் குரலை, அது பேச வேண்டிய கருவிகளின் குரல் அளவுக்கு இறக்க வேண்டும்.

மாதிரி அலுவலகத்தில் 5 கிகாஹெர்ட்ஸ் திறனை 23லிருந்து 14 டிபிஎம்முக்கு, 200 மில்லிவாட்டிலிருந்து 25க்குக் கொண்டுவருகிறோம் என்று வைத்துக்கொள்வோம். திறன் எட்டில் ஒரு பங்காகிவிட்டது; மைனஸ் 70 எல்லையோ பாதியாகத்தான் குறைகிறது, 34 மீட்டர் 17 ஆகிறது. அதே ஊழியர் வாசலிலிருந்து நடக்கிறார். முதல் ஆக்சஸ் பாயின்ட்டைவிட்டு 17 மீட்டர் விலகியதும் ஐபோன் தேடத் தொடங்குகிறது. அந்த இடத்தில் இரண்டாவது ஆக்சஸ் பாயின்ட் 3 மீட்டர் தூரத்தில் மைனஸ் 50 அளவில் இருக்கிறது. 20 டெசிபெல் லாபம், தயங்காமல் தாவுகிறது. மாநாட்டு அறையின் கதவை நெருங்கும்போது இதேபோல் மூன்றாவதற்குத் தாவுகிறது. அறைக்குள் உட்கார்ந்த பின் வரும் திசையிலும் போகும் திசையிலும் சுமார் மைனஸ் 53. முன்பு மைனஸ் 78 ஆகப் போய்ச் சேர்ந்த அவருடைய குரல் இப்போது 25 டெசிபெல் உயர்ந்திருக்கிறது. போனில் எதையும் தொடவில்லை.

2.4 கிகாஹெர்ட்ஸின் திறன் 5 கிகாஹெர்ட்ஸைவிட 6 டெசிபெல்லாவது குறைவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் தூரம் போகும் அந்த அலையே பலமாகத் தெரிந்து, கருவிகள் நெரிசலான பக்கமே போய்ச் சேரும். ஆக்சஸ் பாயின்ட்கள் நெருக்கமாக இருக்கும் தளத்தில் ஒன்றுவிட்டு ஒன்றில் 2.4ஐ அணைத்தே விடலாம்.

எண்ணை மாற்றும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. எல்லா நிறுவனங்களும் திறனை டிபிஎம்மில் காட்டுவதில்லை. சில இடங்களில் லோ, மீடியம், ஹை என்று மட்டும் இருக்கும். சிஸ்கோவின் கருவிகளில் 1, 2, 3 என்று படிகள் உண்டு. அங்கே 1 என்பதுதான் உச்சம். ஒவ்வொரு படிக்கும் திறன் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துகொண்டே போகும். குறைக்கிறேன் என்று நம்பி 1ஐ வைத்தவர், உச்சத்தில் வைத்துவிட்டுப் போயிருப்பார்.

திறனோடு சேர்த்துச் செய்ய வேண்டிய இன்னொரு வேலை, பழைய மெதுவான வேகங்களை மூடுவது. 2.4 கிகாஹெர்ட்ஸில் 1, 2, 5.5, 11 மெகாபிட் என்ற நான்கும் 802.11b காலத்து மிச்சங்கள். இவை திறந்திருக்கும்வரை, தொலைவில் உள்ள கருவி வேகத்தைக் குறைத்துக் குறைத்து எப்படியாவது பழைய இணைப்பிலேயே காலம் தள்ளும். குறைந்தபட்ச வேகத்தை 12 மெகாபிட் என்று வைத்தால், எட்டாத கருவிக்கு மாறுவதைத் தவிர வழியில்லை. ஆனால் கிடங்கில் பழைய பார்கோடு ஸ்கேனரோ, வயதான பிரின்டரோ இருந்தால் அது இணைய மறுக்கலாம். மூடுவதற்கு முன் அவற்றை ஒருமுறை சோதித்துவிட வேண்டும்.

குறைப்பதிலும் எல்லை உண்டு. ஆக்சஸ் பாயின்ட்கள் 14 மீட்டர் இடைவெளியில் இருந்ததால்தான் நம் அலுவலகத்துக்கு 14 டிபிஎம் பொருந்தியது. அதே தளத்தில் இரண்டே இரண்டு கருவிகளை 30 மீட்டர் இடைவெளியில் மாட்டி, நடுவில் செங்கல் சுவரும் இருந்தால், திறனைக் குறைத்த மறுநாளே நடுவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நெட் போய்விடும். அங்கே கோளாறு கருவிகளின் எண்ணிக்கையில். மூன்றாவது ஒன்று வாங்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க இரண்டை மட்டும் வாங்கி, பவரை ஏற்றி ஒப்பேற்றியதில்தான் பல அலுவலகங்களின் கதை தொடங்கியிருக்கும்.

தானாகச் சரிசெய்துகொள்ளும் ஆட்டோ வசதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அதுவும் உதவும், கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஆக்சஸ் பாயின்ட்கள் ஒன்றையொன்று எவ்வளவு பலமாகக் கேட்கின்றன என்பதை வைத்தே ஆட்டோ திறனை நிர்ணயிக்கிறது. கூரைக்குக் கூரை கேட்பது வேறு, இரும்பு அலமாரிக்குப் பின்னால் மேஜையில் கிடக்கும் போனுக்குக் கேட்பது வேறு. நீண்ட நடைபாதையில் வரிசையாக மாட்டிய கருவிகள் ஒன்றையொன்று நன்றாகக் கேட்டுத் திறனை மிகவும் குறைத்துக்கொள்ளும். அறைக்குள் இருப்பவர்கள் தவிப்பார்கள். வேறொரு கட்டடத்தில் கனத்த சுவர்களால் ஒன்றையொன்று கேட்காமல் உச்சத்துக்கே ஏற்றிக்கொள்ளும். ஆட்டோவைப் பயன்படுத்துவதானால், இதற்குக் கீழே போகாதே, இதற்கு மேலே ஏறாதே என்று இரண்டு எல்லைகளைப் போட்டுக் கொடுப்பதே முறை.

ஒட்டிக்கொள்ளும் கருவியை வலுக்கட்டாயமாக வெட்டிவிடும் வசதியும் சில ஆக்சஸ் பாயின்ட்களில் உண்டு. சிக்னல் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் வெளியே தள்ளிவிடும். பக்கத்தில் வேறு நல்ல ஆக்சஸ் பாயின்ட் இருந்தால் சரி. இல்லாத மூலையில் இருக்கும் கருவி, தள்ளப்பட்டதும் திரும்பி வரும், மறுபடி தள்ளப்படும்; நாள் முழுக்க இதுவே நடக்கும். அமைப்புப் பக்கத்தில் தென்படும் 802.11k, 802.11v, 802.11r என்ற மூன்றும் இதைவிட நாகரிகமானவை. முதலாவது, பக்கத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியலைப் போனுக்குத் தருகிறது. இரண்டாவது, அங்கே மாறினால் நல்லது என்று யோசனை சொல்கிறது. மூன்றாவது, மாறும்போது கடவுச்சொல் சரிபார்ப்பில் வீணாகும் நேரத்தைக் குறைக்கிறது. போன் இந்த யோசனையை ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். தேடவே தோன்றாத அளவுக்குப் பழைய சிக்னல் பலமாக இருந்தால் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டும் அது அசையாமல் இருக்கும். அதனால் திறனைச் சரிசெய்த பிறகே இவற்றின் முழுப் பலன் கிடைக்கும்.

ஒன்றை எதிர்பார்த்தே இறங்க வேண்டும். பவரைக் குறைத்த மறுநாள், “என்ன சார், நேத்து ஃபுல்லா காட்டுச்சு, இன்னிக்கு ஒரு கோடு குறையுது” என்று யாராவது வந்து நிற்பார். அப்போது பதறி எண்ணை மறுபடி ஏற்றிவிடக் கூடாது. முன்பு குறித்துவைத்த நாலு இடங்களில் `netsh` வரியை மறுபடி அடித்து, `BSSID` மாறுகிறதா, `Transmit rate` ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் வேலை சரியாக முடிந்திருக்கிறது. ஏதாவது ஒரு மூலையில் மட்டும் மைனஸ் 67க்குக் கீழே போயிருந்தால், அந்த மூலைக்கு அருகில் உள்ள ஆக்சஸ் பாயின்ட்டை மட்டும் 3 டெசிபெல் கூட்டினால் போதும். மொத்தத் தளத்தையும் உச்சத்துக்கு ஏற்றுவதற்கு அது காரணமாகாது.

அடுத்த முறை அலுவலகத்துக்கு வைஃபை மாட்ட ஒப்பந்தக்காரர் வரும்போது, எத்தனை சதுர அடிக்கு சிக்னல் வரும் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். இரண்டு அலைவரிசைக்கும் எத்தனை டிபிஎம் வைத்திருக்கிறீர்கள், நடந்து பார்த்தீர்களா என்று கேட்டு, அந்த எண்களை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.